அழித்த பதிவு எங்கெல்லாம் இருக்கும்?

1994-ன் கடைசியில் யூஸ்நெட்டில் விசித்திரமான ஒரு காரியம் நடந்தது. இணையம் வீடுகளுக்கு வந்து சேரும் முன்பே பல்கலைக்கழகக் கணினிகளை இணைத்து விவாதக் குழுக்களை நடத்திவந்த வலை அது. சயின்டாலஜி மதத்தைப் பற்றி விவாதிக்கும் குழுவில் பதிவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. எழுதியவர்கள் அழிக்கவில்லை. குழுவுக்குத் தலைமை நிர்வாகி என்று யாரும் இல்லை. பதிப்புரிமை மீறல் என்று காரணம் எழுதி, முகம் தெரியாத யாரோ அழிப்பு ஆணைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குழுவில் இருந்தவர்கள் அந்த நபருக்கு ‘கேன்சல் பன்னி’ என்று பட்டப்பெயர் வைத்து, தடயம் தேடக் கிளம்பினார்கள்.

யாரோ ஒருவர் இன்னொருவரின் எழுத்தை அழிக்க முடிந்தது எப்படி? யூஸ்நெட் பதிவு ஒவ்வொன்றும் ஒரு சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்கு நகலாகிப் போய்க்கொண்டே இருக்கும். எழுதியவர் அதைத் திரும்பப் பெற நினைத்தால், `Control: cancel` என்ற வரியையும் அந்தப் பதிவின் அடையாளத்தையும் தாங்கிய இன்னொரு செய்தியை அதே வலையில் விடவேண்டும். அதைப் பெறும் சர்வர், பதிவை எழுதியவரும் ஆணையை அனுப்பியவரும் ஒரே பெயரில் இருக்கிறார்களா என்று பார்க்கும், அவ்வளவுதான். பெயரை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்துவிடலாம்.

பொய் ஆணைகள் பெருகியதும் பல சர்வர் நிர்வாகிகள் எந்த ஆணைக்கும் கீழ்ப்படிவதில்லை என்று முடிவெடுத்தார்கள். யூஸ்நெட் சர்வர்களில் பரவலாக ஓடும் ஐஎன்என் மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி இருந்தது. `innd -C` என்று தொடங்கி வைத்தால், அது அழிப்பு ஆணைகளை வாங்கிக்கொள்ளும், அடுத்த சர்வருக்கும் அனுப்பும், தன்னிடம் உள்ள நகலை மட்டும் தொடாது. தன் பதிவைத் தானே அழிக்க விரும்பிய நேர்மையான ஆளுக்கும் அத்துடன் வழி அடைபட்டது. அழிப்பு ஆணை உண்மையானதுதானா என்று ரகசியக் குறியீட்டைக் கொண்டு சரிபார்க்கும் ‘கேன்சல் லாக்’ முறை, இணையத் தரநிலை ஆவணமாக வெளிவர 2018 ஆகிவிட்டது.

அதே 2018-ல், ஜனவரி 23 அன்று, ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையை டபிள்யூ3சி அமைப்பு அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளியிட்டது. ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ 2016-ல் தொடங்கிய மாஸ்டடான், அதைப் பேசும் மென்பொருள்களில் பரவலாக அறியப்பட்டது. மாஸ்டடானில் ஒரே நிறுவனத்தின் ஒரே தரவுத்தளம் என்று ஒன்று கிடையாது. தனிநபர்களும் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் ஆளுக்கொரு சர்வர் நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவரை வேறு சர்வரில் இருப்பவர் பின்தொடரலாம். அப்படிப் பின்தொடர்ந்தால், எழுதியவரின் பதிவு பின்தொடர்பவரின் சர்வருக்கு முழு நகலாகப் போய் அங்கேயே சேமிக்கப்படும்.

ஆகவே அங்கே ஒருவர் ‘அழி’ என்று அழுத்தும்போது அழிவது அவருடைய சர்வரில் உள்ள ஒரு பிரதி மட்டுமே. மற்றவற்றுக்குச் செய்தி போகவேண்டும். அது எப்படிப் போகிறது என்று பார்க்க, சர்வர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டால் சுலபம்.

ஒருவர் ‘குறிஞ்சி’ என்ற சர்வரில் கணக்கு வைத்திருக்கிறார். ‘முல்லை’ சர்வரில் அவரை நாற்பது பேர் பின்தொடர்கிறார்கள். அவர் இரவு பத்து மணிக்கு ஒரு படத்துடன் பதிவிடுகிறார். படத்தின் ஓரத்தில் வீட்டு முகவரி தெரிவதைப் பத்து நிமிடம் கழித்துக் கவனித்து, உடனே அழிக்கிறார். குறிஞ்சி தன் தரவுத்தளத்திலிருந்து பதிவை நீக்கிவிட்டு, ஏறக்குறைய இப்படியொரு செய்தியை எழுதுகிறது:

```json
{
  "type": "Delete",
  "actor": "https://kurinji.example/users/k",
  "to": ["https://www.w3.org/ns/activitystreams#Public"],
  "object": {
    "id": "https://kurinji.example/users/k/statuses/101",
    "type": "Tombstone"
  }
}
```

இதில் பதிவின் ஒரு சொல்கூட இல்லை. யார் அழிக்கிறார், எதை அழிக்கிறார் என்ற இரண்டு முகவரிகள்தான் முக்கியம். ‘டூம்ப்ஸ்டோன்’ என்றால் கல்லறைக் கல். இந்த முகவரியில் முன்பு ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்பதற்கு அது அடையாளம்.

குறிஞ்சி இந்தச் செய்தியை, கணக்குக்குரிய ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. முல்லையில் பின்தொடர்பவர்கள் நாற்பது பேர் என்றாலும் செய்தி நாற்பது முறை போவதில்லை. பொது இன்பாக்ஸ் ஒன்று சர்வருக்கு இருப்பதால் ஒருமுறை போனால் போதும். வாங்கிய முல்லை, அனுப்பியவரின் பொதுச் சாவியை எடுத்துக் கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பிறகு, அழிக்கச் சொல்லும் பதிவு அதே கணக்குக்குச் சொந்தமானதுதானா என்றும் பார்க்கிறது. இரண்டும் சரி என்றால் பதிவையும் படத்தின் நகலையும் நீக்குகிறது. யூஸ்நெட்டில் இல்லாமல் போன பாதுகாப்பு இதுதான். கேன்சல் பன்னியின் வேலை இங்கே முதல் படியிலேயே நின்றுவிடும்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால், இது முடிய நொடிகள்தான் ஆகும். நிஜ வலையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதில்லை.

முதல் சிக்கல் வரிசை மாறுவது. முல்லையில் அன்று கூட்டம் அதிகம், வேலைகள் வரிசையில் தேங்கிக் கிடக்கின்றன. பதிவு வந்து சேர்வதற்கு முன்பே அதை அழிக்கச் சொல்லும் செய்தி வந்துவிடுகிறது. இல்லாத பதிவை எப்படி அழிப்பது? சும்மா விட்டுவிட்டால், அடுத்த நிமிடம் பதிவு வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை அழிக்கச் சொல்ல இனி யாரும் வரமாட்டார்கள். மாஸ்டடான் இதை யோசித்திருக்கிறது. தெரியாத பதிவுக்கு அழிப்புச் செய்தி வந்தால் அந்த முகவரியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பதிவு பின்னால் வந்தால் வாசலிலேயே திருப்பிவிடுகிறது.

இரண்டாவது, சர்வர் தூங்கிப்போவது. ‘பாலை’ என்ற சிறிய சர்வரைத் தனியாள் ஒருவர் நடத்துகிறார். அதிலும் பதிவின் நகல் இருக்கிறது, ஆனால் அழிப்புச் செய்தி புறப்படும் நேரத்தில் பாலை இயங்கவில்லை. மாஸ்டடான் பதினாறு முறை மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். தொடக்கத்தில் நொடிகள், பிறகு நிமிடங்கள், கடைசியில் மணிக்கணக்கு. மொத்தமாக இரண்டு நாள்களுக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் பாலை எழுந்துவிட்டால் நல்லது. எழாவிட்டால் அந்தச் செய்தி கைவிடப்படும். வெவ்வேறு ஏழு நாள்களில் அனுப்பியும் ஒன்றும் போய்ச் சேரவில்லை என்றால், குறிஞ்சி அந்த சர்வரையே ‘கிடைக்காதவை’ பட்டியலில் சேர்த்து, எதையும் அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும்.

இப்போது பாலையின் உரிமையாளர் மூன்று வாரம் கழித்து கணினியைச் சரிசெய்து ஓடவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவுகள் மறுபடி வரத் தொடங்கும். இடையில் தவறிய அழிப்புச் செய்திகள் வராது. ‘நான் இல்லாதபோது எவையெல்லாம் அழிக்கப்பட்டன’ என்று கேட்கும் வழக்கம் இந்த நெறிமுறையில் இல்லை. பழைய பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தை மீட்டெடுக்கும் நிர்வாகிக்கும் இதே கதைதான். பேக்கப் எடுத்த நாளுக்குப் பிறகு அழிந்தவை எல்லாம் அவருடைய சர்வரில் மறுபடி உயிரோடு நிற்கும், யாருடைய தீய எண்ணமும் இல்லாமலே.

ஆனால் எல்லாவற்றையும்விட நுட்பமான சிக்கல் வேறு. செய்தியை யாருக்கு அனுப்புவது என்பதுதான் அது.

குறிஞ்சி ஒரு முகவரிப் பட்டியலைத் தயாரிக்கிறது. எழுதியவரைப் பின்தொடர்பவர்கள், பதிவில் பெயர் குறிப்பிடப்பட்டவர்கள், பதிலளித்தவர்கள், விருப்பக்குறி இட்டவர்கள், பூஸ்ட் செய்து தம் வாசகர்களுக்குக் கொண்டுபோனவர்கள் என்று இவர்கள் எல்லோருடைய சர்வர்களும் அதில் இடம்பெறும். தனக்குத் தெரிந்த தடம் அனைத்தையும் அது பயன்படுத்துகிறது. இது சோம்பேறித்தனமான பட்டியல் இல்லை.

முல்லையில் ஒருவர் அந்தப் பதிவை பூஸ்ட் செய்தார். அவரை ‘மருதம்’ சர்வரில் சிலர் பின்தொடர்கிறார்கள். அதனால் மருதமும் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டது. குறிஞ்சிக்கு முல்லையைத் தெரியும், மருதத்துக்குப் பதிவு போனது தெரியாது. ஆகவே, அழிப்புச் செய்தியைப் பெற்ற முல்லை, பூஸ்ட் செய்தவரைப் பின்தொடரும் சர்வர்களுக்கு அதை மேலனுப்புகிறது. முல்லை அனுப்பியதை மருதம் எப்படி நம்பும்? இதற்காகச் செய்திக்குள்ளேயே இன்னொரு கையொப்பத்தை மாஸ்டடான் பதிக்கிறது. முதல் கையொப்பம் நேரடி அனுப்புதலுக்கு மட்டுமே உதவும். உள்ளே பதித்த இரண்டாவது, எத்தனை கை மாறினாலும் இது குறிஞ்சிக்காரர் எழுதியதுதான் என்று நிரூபிக்கும். மாஸ்டடானுடன் மாஸ்டடான் பேசும்வரை இது நன்றாகவே வேலைசெய்கிறது. ஆனால் ஆக்டிவிட்டிபப் பேசும் எல்லா மென்பொருளும் இந்த இரண்டாவது கையொப்பத்தைப் படிக்கத் தெரிந்தவை அல்ல. தெரியாத மென்பொருளுக்கு, முல்லை கொண்டுவந்த செய்தி அந்நியர் ஒருவர் இன்னொருவரின் பதிவை அழிக்கச் சொல்வதுபோலத்தான் தோன்றும்.

இனி ‘நெய்தல்’. அங்கே ஒருவர் அந்தப் பதிவின் இணைப்பை எங்கோ பார்த்து, நெய்தலின் தேடல் பெட்டியில் ஒட்டினார். நெய்தல் குறிஞ்சியிடம் போய்ப் பதிவைக் கேட்டு வாங்கி நகலெடுத்துக்கொண்டது. அவர் அதைப் படித்துவிட்டுப் போய்விட்டார். பின்தொடரவில்லை, பதில் எழுதவில்லை, விருப்பக்குறியும் இடவில்லை. இந்த வருகை எந்தத் தடத்தையும் விடவில்லை. கல்யாணத் தேதி மாறினால் அழைப்பிதழ் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிடலாம். அடுத்த வீட்டு அழைப்பிதழைப் பார்த்துத் தேதி குறித்துக்கொண்டவருக்கு யார் சொல்வது? நெய்தலுக்கு அழிப்புச் செய்தி போகாது. ஒருகாலத்தில் பின்தொடர்ந்து, அழிப்பதற்கு முன் விலகிவிட்டவரின் சர்வர் நிலைமையும் அதுதான், வேறு தொடர்பு எதுவும் மிச்சமில்லை என்றால்.

சர்வர்களுக்கிடையே சண்டை வந்தாலும் இதேபோல் ஓர் ஓட்டை திறக்கிறது. குறிஞ்சியின் நிர்வாகிகள், தொல்லை கொடுப்பவர்கள் நிறைந்த ஒரு சர்வரை முழுதாகத் தடைசெய்கிறார்கள். அத்துடன் அங்கே இருந்த பின்தொடர்பவர்களின் தொடர்பு அறுந்துவிடும், அந்த சர்வர் முகவரிப் பட்டியலிலிருந்தும் விழுந்துவிடும். தடைக்கு முன்பு அங்கே போன நகல்கள் மட்டும் அப்படியே இருக்கும். எந்த இடத்தில் தன் எழுத்து இருக்கக்கூடாது என்று ஒருவர் அதிகம் அஞ்சுவாரோ, அந்த இடத்துக்கே அழிப்புச் செய்தி போகாமல் நிற்கிறது. மாஸ்டடானின் அமைப்பில் உள்ளவற்றில் கவலைப்பட வேண்டிய இடம் இது என்றே தோன்றுகிறது.

செய்தி போய்ச் சேர்ந்தாலும் கீழ்ப்படிதல் வாங்கியவரின் கையில் இருக்கிறது. நெறிமுறை ஆவணமே இதை மறைக்கவில்லை. பெறும் சர்வர் தன் நகலை நீக்குவது முறை என்று அது சொல்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. வேறு சர்வருக்குப் போய்ச் சேர்ந்த ஒன்றை அங்கிருந்து நீக்கியே தீரவேண்டும் என்று வற்புறுத்தும் கருவி எதுவும் ஆக்டிவிட்டிபப்பில் இல்லை என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. மாற்றியமைத்த மென்பொருளை ஓட்டும் ஒருவர் அழிப்புச் செய்தி அனைத்தையும் பெற்றுக்கொண்டு, எதையும் அழிக்காமல் இருக்கலாம். அனுப்பியவருக்கு அது தெரிய வழியில்லை. பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வரும், அழித்துவிட்டேன் என்று உறுதிசொல்லும் பதில் கிடையாது.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-வது பிரிவு, ஒருவரின் தரவைப் பொதுவெளியில் வைத்தவர் அதை அழிக்கக் கடமைப்பட்டால், அதைக் கையாளும் மற்றவர்களுக்கும் அந்தக் கோரிக்கையைத் தெரிவிக்க நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்கிறது. அழிப்புச் செய்தி செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். தெரிவிப்பது வரை அனுப்பும் சர்வரின் கையில் இருக்கிறது. அதற்கு மேல், நகலை வைத்திருப்பவர்தான் பொறுப்பாளி.

நகல் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நேரடி வழி உண்டு. பதிவின் மூல முகவரியைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. அது எழுதியவரின் சொந்த சர்வருக்குப் போகும், அங்கே ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். சந்தேகப்படும் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தன் சர்வருக்குள்ளிருந்தே எழுதியவரின் சுயவிவரப் பக்கத்தைத் திறக்கவேண்டும். அங்கே தெரிவது அந்த சர்வர் சேமித்து வைத்திருக்கும் நகல்கள். அழித்த பதிவு அதில் நின்றால், செய்தி வந்து சேரவில்லை, அல்லது மதிக்கப்படவில்லை. அப்போது அந்த சர்வரின் நிர்வாகிக்கு எழுதினால், அவர் தன் பக்கத்து நகலை மட்டும் கையால் நீக்கமுடியும். பெரும்பாலும் இது தவறிப்போன நகல் என்பதால், கேட்டால் காரியம் நடக்க வாய்ப்பு உண்டு. யாரும் தொடாத நகல்களைத் துடைக்க நிர்வாகிகளுக்கு `tootctl statuses remove` என்ற கட்டளையும் இருக்கிறது. உள்ளூரில் யாரும் பின்தொடராத, யாரும் பதில் எழுதாத வெளிப்பதிவுகளில் 90 நாள்களைத் தாண்டியவற்றை அது நீக்கிவிடும். நெய்தலின் நகல் போவதாக இருந்தால் அநேகமாக இந்த வழியில்தான் போகும், அழித்தவரின் விருப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லாமல்.

ஒரு பதிவை அழிப்பதற்கும் கணக்கையே அழிப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கணக்கு அழியும்போது மாஸ்டடான் பின்தொடர்பவர்களின் சர்வர்களோடு நிற்பதில்லை. தனக்குத் தெரிந்த ஒவ்வொரு சர்வருக்கும் செய்தி அனுப்புகிறது. நெய்தலும் குறிஞ்சிக்கு அறிமுகமான சர்வர் என்றால், அங்கே தங்கிய நகலையும் இது தொட்டுவிடும். இதற்கு விலையும் உண்டு. ஒரு பெரிய சர்வரில் நாள்தோறும் கணக்குகள் மூடப்படுகின்றன, ஒவ்வொன்றுக்கும் எல்லாத் திசைக்கும் செய்தி பறக்கிறது. பத்துப் பேருக்காக ஒரு சர்வரை நடத்துபவர் தன் பதிவேட்டைத் திறந்தால், கேள்விப்பட்டே இராத மனிதர்களின் அழிப்புச் செய்திகள் வரிசையாக நிற்கும். கையொப்பத்தைச் சரிபார்க்க அந்த மனிதரின் சாவியைத் தேடிப்போனால், கணக்கே போய்விட்டதால் சாவியும் கிடைக்காது. அதனால் மாஸ்டடான் இங்கே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. தன்னிடம் பதிவே இல்லாத ஒரு கணக்கு தன்னை அழித்துக்கொள்வதாகச் செய்தி வந்தால், சரிபார்க்கும் வேலையில் இறங்காமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்லி ஒதுக்கிவிடும்.

சர்வரையே மூடுபவர்களுக்கு `tootctl self-destruct` என்ற கட்டளை உண்டு. அது எல்லாக் கணக்குகளுக்கும் அழிப்புச் செய்தியைத் தெரிந்த எல்லா சர்வர்களுக்கும் அனுப்பும். அனுப்பி முடியும்வரை சர்வரை ஓடவிடவேண்டும். பொறுமையிழந்து மின்னிணைப்பைத் துண்டித்தால், மிஞ்சிய செய்திகள் வரிசையிலேயே மடிந்துபோகும்.

பொறுமை இருந்தும் வாய்ப்பே கிடைக்காமல் போனவர்களும் உண்டு. குயர் சமூகத்தினருக்காக நடத்தப்பட்ட queer.af என்ற மாஸ்டடான் சர்வர் அப்படிப்பட்டது. `.af` ஆப்கானிஸ்தானின் டொமைன், அதை நிர்வகிப்பது அந்நாட்டின் தகவல்தொடர்பு அமைச்சகம். 2021-ல் தாலிபான் ஆட்சிக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் முடக்கப்பட்டது. சர்வர் ஓடிய கணினிக்கு எதுவும் ஆகவில்லை, அதைப் பெயர் சொல்லி அழைக்கும் வழிதான் போனது. பயனர்கள் வழக்கமான முகவரியில் உள்ளே நுழைய முடியவில்லை, ஆகவே அழிக்கும் பொத்தானை அழுத்தவும் முடியவில்லை. அவர்களுடைய பதிவுகளின் அடையாளமும் கையொப்பச் சாவி இருக்குமிடமும் அந்த டொமைனோடு கட்டப்பட்டவை. முன்பே சாவியை வாங்கிச் சேமித்து வைத்திருந்த சர்வர்களைத் தவிர வேறு யாரும் அவர்கள் பெயரில் வரும் செய்தியைச் சரிபார்க்க முடியாது.

பதிவை எழுதியவர் ஒருவர், ஆனால் அழிக்கும் அதிகாரம் டொமைனைக் கையில் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கி, அதே கணக்கு முகவரிகளில் புதிய சாவிகளை வைத்தால், மற்ற சர்வர்கள் அந்தச் சாவியைத்தான் உண்மையானது என்று எடுத்துக்கொள்ள நேரும். பழைய பதிவுகளை அழிக்கவும் திருத்தவும் அந்தப் புதியவரால் முடியும். உண்மையாக எழுதியவரால் முடியாது.

அப்படி அநாதையாக நிற்கும் நகல்களுக்கு மற்ற நிர்வாகிகள்தான் கதி. `tootctl domains purge` என்ற கட்டளையுடன் டொமைனின் பெயரைக் கொடுத்தால், அங்கிருந்து வந்த கணக்குகளும் பதிவுகளும் அந்த ஒரு சர்வரிலிருந்து மொத்தமாகப் போய்விடும். அடுத்த சர்வரில் அதன் நிர்வாகி தனியாகச் செய்யவேண்டும், அதற்கடுத்ததில் இன்னொருவர். அழிக்க விரும்பியவருக்கும் அழியாமல் இருக்கட்டும் என்று விரும்பியவருக்கும் அந்தக் கட்டளை வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே பல நிர்வாகிகள், போனவர்களில் யாராவது வேறு முகவரியிலிருந்து எழுதிக் கேட்கும்வரை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.